பேட்டரி வரவில்லை, ஃபேஸ்புக்கில் போடலாமா?

*ஐயா, எனக்கு ஊர் குடியாத்தம். 2024 பிப்ரவரியில் வேலூரில் ஒரு கடையில் இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கினேன். மூன்று வருட வாரண்டி. பழுதாகி, 2025 ஏப்ரல் 21 அன்று கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழு வாரமாகிறது, இன்னும் வரவில்லை. கோடை முழுக்க அப்பாவும் அம்மாவும் கரண்ட் போகும்போதெல்லாம் விசிறியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். ஃபேஸ்புக்கில் போட இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: “வேலூர் மக்களே உஷார்! இந்தக் கடைக்காரன் பக்கா ஃபிராடு. டூப்ளிகேட் பேட்டரியை ஒரிஜினல்னு தலையில கட்டுறான். வாரண்டி எல்லாம் பொய். ஓனர் போனையே எடுக்கறதில்ல. நம்பர் கீழே இருக்கு, எல்லாரும் போன் போட்டுக் கேளுங்க. ஷேர் பண்ணுங்க!” இதைப் போட்டால் கேஸ் ஆகும் என்கிறார் நண்பர். போடலாமா? பில், கடையில் கொடுத்த சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றின் நகலும் இணைத்திருக்கிறேன்.*

*— ஒரு வாசகர், குடியாத்தம்*

போடலாம். ஆனால் நீங்கள் எழுதி வைத்திருப்பதை வேண்டாம். அதில் நான்கு குற்றச்சாட்டு இருக்கிறது. நீங்கள் அனுப்பிய காகிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், அதில் ஒன்றுகூட நிற்கவில்லை. உங்களிடம் இருக்கும் வலுவான ஆதாரமோ அந்தப் பதிவில் இடம்பெறவே இல்லை.

முதலில் “டூப்ளிகேட்”. ஏப்ரல் 24 அன்று நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து சீரியல் நம்பரைச் சொல்லியிருக்கிறீர்கள். அவர்கள் அதை ஏற்றுக்கொண்டு புகார் எண் அனுப்பியிருக்கிறார்கள். அந்த எஸ்.எம்.எஸ். உங்கள் நகல்களிலேயே இருக்கிறது. தன் தயாரிப்பு இல்லை என்றால் நிறுவனம் அந்தச் சீரியல் நம்பருக்குப் புகாரே பதிந்திருக்காது. ஆக, பேட்டரி ஒரிஜினல் என்பதற்கு உங்களிடமே சாட்சி இருக்கிறது. இந்த நிலையில் டூப்ளிகேட் என்று எழுதினால் அது தெரிந்தே சொன்ன பொய்யாகிவிடும்.

“போனையே எடுக்கறதில்ல” என்பதும் அப்படித்தான். மே 6 அன்று கடையிலிருந்து “பத்து நாள்ல வந்துடும் சார்” என்று பதில் வந்திருக்கிறது. மே 19 அன்று “கம்பெனிலேர்ந்து இன்னும் வரல, வந்தா கூப்புடுறோம்” என்று இன்னொரு பதில். கடைக்காரர் இந்த இரண்டையும் படம் பிடித்து உங்கள் பதிவின் கீழே போட்டால், படிப்பவர்கள் அந்த நிமிடமே அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். உண்மையில் இந்தப் பதில்கள் உங்களுக்குச் சாதகமானவை. பத்து நாள் என்று அவரே எழுத்தில் சொல்லி, அது தவறிப் போயிருக்கிறது. அதைச் சொன்னால் போதும்.

“வாரண்டி பொய்” என்பதையும் விட்டுவிடுங்கள். வாரண்டி கிடையாது என்று இதுவரை யாரும் உங்களிடம் சொல்லவில்லை. தாமதம் வேறு, மறுப்பு வேறு. மறுத்தார்கள் என்று எழுதினால், “நாங்கள் மறுக்கவேயில்லை, பரிசீலனையில் இருக்கிறது” என்று ஒரே வரியில் நிறுவனம் தப்பித்துக்கொள்ளும். ஏழு வாரமாக ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்று எழுதினால் அவர்கள் சொல்ல ஒன்றும் இருக்காது.

“ஃபிராடு” என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்கள் நண்பர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பேட்டரி வரவில்லை என்பது நடந்த விஷயம். ஏமாற்ற வேண்டும் என்றே செய்தார் என்பது அவர் மனதுக்குள் இருப்பதைப் பற்றிய குற்றச்சாட்டு, அதை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக வைத்திருக்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று சொல்லிக்கொண்டிருந்த பிரிவுகளின் புது எண் அது. தண்டனை இரண்டு வருடச் சிறை வரை போகலாம். அதே பிரிவிலேயே விதிவிலக்குகளும் உண்டு. சொன்னது உண்மையாகவும் அதை வெளியிடுவது பொது நன்மைக்காகவும் இருந்தால் அது அவதூறு ஆகாது. தன் நியாயமான நலனைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு சொன்னதும் அவதூறு ஆகாது. ஆனால் விதிவிலக்கு எனக்குப் பொருந்தும் என்று காட்டும் சுமை எழுதியவர் தலையில்தான் விழும். ஆகவே பதிவின் ஒவ்வொரு வரிக்கும் கையில் ஒரு காகிதமாவது செய்தியாவது இருக்க வேண்டும். இல்லாத வரியை எடுத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவதூறுக்காகப் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும். “ஸ்டேஷன்ல சொல்லி உள்ள வெச்சுடுவேன்” என்று யாராவது போனில் மிரட்டினால் பதறி எதையும் அழிக்க வேண்டாம்.

போன் நம்பர் விஷயம் இதைவிட மோசம். முன்பின் தெரியாத ஐம்பது பேர் ஒருவரைப் போனில் திட்ட நீங்கள் ஏற்பாடு செய்தால், அதன்பிறகு புகார்தாரர் அவர்தான். பேட்டரி கதையை யாரும் கேட்க மாட்டார்கள்.

இனி, நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்ட அந்த ஆதாரம். கடையில் கொடுத்த மஞ்சள் சீட்டில், தேதிக்குக் கீழே பால்பாயின்ட் பேனாவால் “ஒரு செல் டெட், வாட்டர் லெவல் ஓகே” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இதன் மதிப்பு பேட்டரி வாரண்டி வழக்கு நடத்தியவர்களுக்குத் தெரியும். வாரண்டியை மறுக்க நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், டிஸ்டில்டு வாட்டர் சரியாக ஊற்றவில்லை, தகடு காய்ந்துவிட்டது என்பதுதான். பெட்டியில் விரிசல், சீரியல் நம்பர் அழிந்திருக்கிறது என்பவை அடுத்த நிலைக் காரணங்கள். பேட்டரியைக் கையில் வாங்கிய அன்றே தண்ணீர் அளவு சரி என்று அவர்களுடைய டீலரே எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு மாற்றிப் பேசுவது கடினம். இந்த ஒரு வரி உங்கள் பதிவில் கட்டாயம் இருக்க வேண்டும். சீட்டை இன்றைக்கே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்து, தாமதம் எங்கே நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. பேட்டரி கடையின் பின்பக்கத்திலேயே கிடக்கிறதா, நிறுவனத்தின் கிடங்கில் கிடக்கிறதா? இதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும். கடைக்காரரிடம், கம்பெனிக்கு அனுப்பிய லாரி ரசீதை, அதாவது எல்.ஆர். காப்பியைக் கேளுங்கள். லாரி பார்சலில் அனுப்பியிருந்தால் அந்த ரசீது அவரிடம் இருக்கும். நிறுவனத்தின் வண்டியே வந்து எடுத்துப் போயிருந்தால் அதற்கும் ஒரு சலான் இருக்கும். காட்டினார் என்றால் முடிச்சு நிறுவனத்திடம். “தேடணும் சார், அப்புறம் வாங்க” என்று இழுத்தால் பேட்டரி கடையை விட்டே போகவில்லை என்று சந்தேகிக்கலாம். சந்தேகிக்கலாம் என்றுதான் சொல்கிறேன், எழுதலாம் என்று சொல்லவில்லை.

இதனால்தான், எல்.ஆர். காப்பியைப் பார்க்கும்வரை பதிவில் கடையின் பெயர் வேண்டாம் என்பது என் கருத்து. வாரண்டி கொடுத்தது நிறுவனம். மாற்றித் தருவதா என்று முடிவு செய்வதும் அதுதான். கடைக்காரர் பல நேரம் இரண்டு பக்கமும் அடி வாங்குபவர். வேலூர் மாதிரி ஊரில் ஒரு கடையின் பெயர் கெட்டால் மீள்வது சுலபமில்லை. தவிர, நாளை வழக்கு என்று போனால் “நான் அன்றே அனுப்பிவிட்டேன்” என்று சொல்லக்கூடிய நல்ல சாட்சி அவர். “வேலூரில் உள்ள டீலர்” என்று குறிப்பிட்டால் போதும்.

பதிவுக்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புகார் எண் வாங்கிய பிறகு நிறுவனத்துக்கு எழுத்தில் நீங்கள் எதுவுமே அனுப்பவில்லை. வாரண்டி கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கு ஜூன் 10 அன்று ஒரு கடிதம் அனுப்புங்கள். பில், சீட்டு, புகார் எண் மூன்றையும் இணைத்து, ஒரு வாரத்துக்குள் பதில் வேண்டும் என்று கேளுங்கள். மாற்றுப் பேட்டரி வரும்வரை ஒரு ஸ்டாண்ட்பை பேட்டரி தரச் சொல்லியும் கேளுங்கள். பல டீலர்கள் வைத்திருப்பார்கள், கேட்டால்தான் வெளியே வரும். ஒரு வாரத்தில் பதில் வந்தால் பதிவே தேவைப்படாது. வராவிட்டால், “எழுதியும் பதில் இல்லை” என்ற வரி உங்களுக்குக் கிடைத்துவிடும். நீங்கள் நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டீர்கள் என்பதற்கும் அதுவே அத்தாட்சி.

ஜூன் 18 புதன்கிழமை காலை இதைப் போடுங்கள். கோடிட்ட இடங்களை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

“2024 பிப்ரவரியில் —— நிறுவனத்தின் இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கினேன். வாரண்டி 36 மாதம். பழுதானதால் 2025 ஏப்ரல் 21 அன்று வேலூரில் உள்ள டீலரிடம் ஒப்படைத்தேன். ‘ஒரு செல் டெட், வாட்டர் லெவல் ஓகே’ என்று எழுதிச் சீட்டு கொடுத்தார்கள். பத்து நாளில் வரும் என்று மே 6 அன்று சொன்னார்கள். இன்று ஜூன் 18. மாற்றுப் பேட்டரியும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை. ஜூன் 10 அன்று நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. புகார் எண் ——. ஜூன் 25-க்குள் மாற்றுப் பேட்டரி, அல்லது எழுத்தில் ஒரு முடிவு வேண்டும்.”

இவ்வளவுதான். அப்பா அம்மா பட்ட கஷ்டத்தை நான் சேர்க்கவில்லை. அது உண்மைதான், படிப்பவர்களுக்கு இரக்கமும் வரும். ஆனால் பதிவைப் படித்து முடிவெடுக்க வேண்டிய ஆள் நிறுவனத்தில் உட்கார்ந்திருப்பவர். அவருக்குத் தேவை தேதி, புகார் எண், நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பது. கடைசி வரியில் இரண்டில் ஒன்று என்று கேட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. மறுப்பதாக இருந்தாலும் எழுத்தில் மறுக்கட்டும். எழுத்தில் வந்த மறுப்பை நுகர்வோர் ஆணையத்தில் காட்டலாம், மௌனத்தைக் காட்டுவது சிரமம். “வெட்கமாக இல்லையா”, “தூங்குகிறீர்களா” மாதிரி ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்த்தால் பதில் அந்த வரிக்கு மட்டும்தான் வரும்.

எக்ஸ் தளத்திலும் போடுவதாக இருந்தால் சுருக்க வேண்டியிருக்கும். கட்டணம் கட்டாத கணக்குக்கு 280 எழுத்துதான் வரம்பு, அதில் தமிழுக்குப் புள்ளியும் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக எண்ணப்படும். “க்” என்பது அங்கே இரண்டு எழுத்து. அதனால் ஒப்படைத்த தேதி, இன்றைய தேதி, புகார் எண், கோரிக்கை நான்கை மட்டும் எழுதி, மீதியைச் சீட்டின் படம் சொல்லட்டும்.

படம் போடும்போது கவனம் வேண்டும். பில்லில் உங்கள் வீட்டு முகவரியும் போன் நம்பரும் இருக்கிறது, சீட்டில் கடைப் பையனின் கையெழுத்தும் அவன் செல் நம்பரும் இருக்கிறது. பேட்டரியின் சீரியல் நம்பரும் பில் எண்ணும்கூட வெளியே தெரிய வேண்டியதில்லை. போனிலேயே மறைக்கலாம், ஆனால் ஹைலைட்டர் மாதிரி இருக்கும் பேனாவால் கறுப்படிக்காதீர்கள். அது முழுக்க மறைக்காது, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எண் தெரிந்துவிடும். கெட்டியான கறுப்புக் கட்டம் போட்டு மறைத்து, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போடுங்கள்.

ஊர்க் குழுக்களில் நேரடியாகப் போடாமல் உங்கள் சொந்தப் பக்கத்தில் போடுவது நல்லது. சொந்தப் பக்கத்தில் யார் கருத்து எழுதலாம் என்று நீங்கள் கட்டுப்படுத்தலாம், குழுவில் அது அட்மின் கையில். நீங்கள் நிதானமாக எழுதினாலும் கீழே வந்து “இவனுங்க எல்லாமே திருட்டுப் பசங்க” என்று நாலு பேர் எழுதுவார்கள். அதற்கு லைக் போடவும் வேண்டாம், “கரெக்டா சொன்னீங்க” என்று பதில் எழுதவும் வேண்டாம்.

நான் அதிகம் கவலைப்படுவது பதிவுக்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான். புகார் பதிவு போட்ட சில நிமிடங்களில் நிறுவனத்தின் பெயரும் லோகோவும் வைத்த ஒரு கணக்கிலிருந்து “மன்னிக்கவும், உங்கள் மொபைல் நம்பரை இன்பாக்ஸில் அனுப்புங்கள்” என்று பதில் வரும். நல்ல வேகம் என்று சந்தோஷப்படாதீர்கள். இப்படிப் புகார்களைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மோசடிக் கும்பல்கள் உண்டு. நம்பர் கொடுத்ததும் போன் வரும், பேட்டரி ரெடி என்பார்கள், பதிவுக் கட்டணமாக 5 ரூபாய் கட்டுங்கள் என்று ஒரு லிங்க் அனுப்புவார்கள், அல்லது ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அந்த லிங்கில் கார்டு விவரத்தையோ யு.பி.ஐ. பின்னையோ போட்டால் கணக்கு காலி. அந்தச் செயலி உங்கள் போன் திரையை அவர்களுக்குக் காட்டும் வகையாக இருக்கும். வாரண்டி பேட்டரி தர எந்த நிறுவனமும் வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி.யைக் கேட்காது.

உண்மையான கணக்கா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வாரண்டி கார்டில் அச்சிட்ட இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போய், அங்கே இருக்கும் ஃபேஸ்புக் அடையாளத்தை அழுத்துங்கள். அது கொண்டுபோய் விடும் கணக்கும் உங்களுக்குப் பதில் சொன்ன கணக்கும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தாலும் புகார் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு, பதிவு செய்திருக்கும் நம்பருக்கே கூப்பிடச் சொல்லுங்கள். அவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள்.

நிஜமாகவே நிறுவனத்திலிருந்து ஆள் பேசினால், “பதிவை எடுத்துவிடுங்கள், நாளைக்கே அனுப்புகிறோம்” என்பார். எடுக்க வேண்டாம். “ஜூன் 19: நிறுவனம் தொடர்புகொண்டது, மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறது” என்று பதிவிலேயே ஒரு வரி சேருங்கள், அது அவர்களுக்கும் கௌரவம். இதில் இன்னொரு பக்கமும் உண்டு: “இவ்வளவு கொடுத்தால் பதிவை அழிக்கிறேன்” என்று நீங்களாக ஒருபோதும் பேரம் பேசாதீர்கள். மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்தார் என்று அதை எளிதாகத் திருப்பிவிடலாம். பேட்டரி கைக்கு வந்த பிறகு, “தீர்ந்துவிட்டது” என்று தேதியோடு எழுதிவிட்டு வைத்திருப்பதா எடுப்பதா என்பது உங்கள் விருப்பம்.

ஜூன் 25-உம் தாண்டினால் அடுத்த பதிவு தேவையில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், அல்லது consumerhelpline.gov.in தளத்தில் பதியுங்கள். அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதிகாரம் உள்ள இடம் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். e-jagriti.gov.in வழியாகக் குடியாத்தத்திலிருந்தே மனு போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. கடை வேறு மாவட்டத்தில் இருந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. வழக்குக்கு மூல காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு. ஃபேஸ்புக்கில் போட்டதால் அந்தக் கெடு நிற்காது, “போட்டிருக்கிறேனே, பார்ப்பார்கள்” என்று இருந்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட்டோடு விட்டுவிடாமல் போனிலும் அப்படியே வைத்திருங்கள். ஆணையம் கேட்டால் மூலத்தைக் காட்ட வேண்டிவரும்.

பேட்டரி வந்து சேரும் நாளில் “எனக்கு எந்தக் குறையும் இல்லை” என்று அச்சடித்த தாளில் கையெழுத்து கேட்பார்கள். வண்டியிலிருந்து இறக்கியதும் போடாதீர்கள். புதிய சீரியல் நம்பரைப் பாருங்கள், அதை வாரண்டி கார்டில் டீலர் முத்திரையோடு எழுதி வாங்குங்கள், இன்வெர்ட்டரில் மாட்டி ஒரு இரவு ஓட விட்டுப் பாருங்கள். உடனே கையெழுத்து வேண்டும் என்று நின்றால், “பேட்டரி பெற்றேன், இன்னும் சோதிக்கவில்லை” என்று உங்கள் கையாலேயே எழுதிப் போடுங்கள். மாற்றிக் கொடுத்த பேட்டரிக்குப் பொதுவாகப் பழைய வாரண்டியில் மிச்சமிருக்கும் காலம்தான் கிடைக்கும், உங்களுக்கு அது 2027 பிப்ரவரி வரை.